ஜெயித்த பிறகும் குழந்தையின் முகம் மலரவில்லையா?

காலை ஐந்து மணிக்கே மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஸ்கூட்டர்கள் கிளம்பிவிடுகின்றன. பின்சீட்டில் பாதித் தூக்கத்தில் ஒரு பையனோ பெண்ணோ. தோளில் ராக்கெட் பை, அல்லது நீச்சல் உடை வைத்த பை. ஏழு மணிக்கு வீடு, எட்டு மணிக்குப் பள்ளி, சாயங்காலம் ட்யூஷன், மறுபடி பயிற்சி. இப்படி நாலைந்து வருடம் ஓடிய குழந்தை ஒருநாள், "எனக்கு இனிமே வேண்டாம்" என்று சொன்னால் வீடே திகைத்துப் போகிறது. "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தா?" என்கிறார் அம்மா. இல்லை. பல மாதங்களாகவே அவள் நன்றாக இல்லை. நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

இதைத்தான் 'பர்ன் அவுட்' என்கிறார்கள். எண்ணெய் தீர்ந்த விளக்கு போல, ஆர்வம் உள்ளுக்குள்ளேயே எரிந்து அணைந்துபோவது. இது வெறும் களைப்பு அல்ல. களைப்பு என்றால் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும். பர்ன் அவுட்டில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வரும். உடம்பும் மனசும் ஓய்ந்துபோகும். 'எவ்வளவு செய்தாலும் நான் முன்னேறவில்லை' என்ற எண்ணம் வரும். மூன்றாவதாக, ஒரு காலத்தில் உயிராக இருந்த விளையாட்டே அர்த்தமில்லாததாகத் தோன்றும். முதல் இரண்டும் கடுமையாகப் பயிற்சி செய்கிற யாருக்கும் அவ்வப்போது வரக்கூடியவை. மூன்றாவதுதான் உஷாராக வேண்டிய இடம்.

உலகம் பார்த்த உதாரணம்

அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை ஜெனிபர் காப்ரியாட்டியை நினைவிருக்கிறதா? 14 வயது நிரம்புவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போதே, 1990-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்டார். அதே வருடம் பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி. 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் ஸ்டெபி கிராஃபை வீழ்த்தித் தங்கப் பதக்கம். ஆனால் 1993 யு.எஸ். ஓப்பனில் முதல் சுற்றிலேயே தோற்றவர், ஆட்டத்தை விட்டே விலகிப் போனார். அப்போது அவருக்கு வயது 17.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1995 முதல் பெண்கள் டென்னிஸ் சங்கம் விதியைக் கடுமையாக்கியது. 14 வயதுக்குக் கீழே தொழில்முறைப் போட்டி கிடையாது. 18 வயது வரை வருடத்துக்கு இத்தனை போட்டிகள்தான் என்று வரம்பும் வைத்தது. நம் ஊர் அகாடமிகளில் அப்படி வரம்பு போட வேண்டியவர் யார்? கோச்தான்.

கோச்சின் நோட்டுப் புத்தகம்

13 வயது நீச்சல் மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாள் காலை ஒன்றரை மணி நேரம், நாலு நாள் மாலை ஒன்றரை மணி நேரம். மொத்தம் 15 மணி. வயதுக்கு மேல் போகாத அளவில்தான் வாரப் பயிற்சி மணிகள் இருக்க வேண்டும் என்பது குழந்தை விளையாட்டு மருத்துவர்கள் பலர் சொல்லும் எளிய கணக்கு. அதைத் தாண்டுகிறவர்களுக்குக் காயங்கள் அதிகம் வருவதாக ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இவள் இரண்டு மணி நேரம் அதிகம் செய்கிறாள். இரவு பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் தூக்கம் ஆறு மணி நேரம்தான். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தேவை.

கோச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, "இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்தது? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு எழுதி வைப்பது. அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. ஜூனில் 90 நிமிடப் பயிற்சிக்கு "நாலு" என்றாள், சுமை 360. ஆகஸ்டில் அதே 90 நிமிடம், அதே பயிற்சிதான். ஆனால் "ஏழு" என்கிறாள்; சுமை 630. நீங்கள் எதையும் கூட்டவில்லை. அவளுக்குப் பாரம் கூடியிருக்கிறது. நூறு மீட்டர் நேரமும் மூன்று விநாடி பின்வாங்கியிருந்தால், அது முதல் மணி.

இரண்டாவது மணி பேச்சில் அடிக்கும். "நான் இந்தத் தடவை ஃபைனலுக்குப் போவேன்" என்றவள், "அப்பா போகச் சொல்றார்", "சார் விடமாட்டார்" என்று பேச ஆரம்பிப்பாள். மூன்றாவது, போட்டி நெருங்கும்போதெல்லாம் வயிற்று வலி, தோள் வலி. அது நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். வலி நிஜமாகவே இருக்கும். நாலாவது, ஜெயித்த பிறகும் சந்தோஷம் வராது. 'அப்பாடா, முடிந்தது' என்ற நிம்மதி மட்டுமே முகத்தில் தெரியும். இதை ஸ்கோர் போர்டில் பார்க்க முடியாது. முகத்தைப் பார்க்கும் கோச்சுக்குத்தான் தெரியும்.

இங்கேதான் தவறு நடக்கிறது

நேரம் குறைந்ததும் கோச் என்ன நினைப்பார்? "சோம்பல் வந்துடுச்சு, இன்னும் நாலு லேப் கூட்டணும்." குழந்தை சொன்னபடி செய்வாள், நேரம் இன்னும் மோசமாகும். மறுபடி கூட்டுவார். நல்ல மாணவிகள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். சோம்பேறிப் பிள்ளை முதல் வாரமே லீவு போட்டுவிடும். பொறுப்பான பிள்ளை வாய் திறக்காமல் நீந்திக்கொண்டே இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் பர்ன் அவுட் என்று நீங்களே முடிவு கட்டிவிடவும் கூடாது. முதலில் குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு கோளாறு, டெங்கு அல்லது டைபாய்டு வந்துபோன பலவீனம், போதாத சாப்பாடு எல்லாமே இதே மாதிரி களைப்பைத் தரும். பெண் குழந்தைக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் நின்றுபோனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

விலகுவதெல்லாமும் பர்ன் அவுட் அல்ல. 1994-ல், 13 வயதுகூட நிரம்பாமல் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த நம் குற்றாலீஸ்வரன் அதே வருடத்தில் ஆறு நீர்ச்சந்திகளைக் கடந்தார். பின்னாளில் அவர் நீச்சலை விட்டுப் படிப்புக்குப் போனதற்கு, போதிய நிதி உதவி கிடைக்காததைத்தான் காரணமாகச் சொன்னார். ஆகவே காரணத்தைக் குழந்தையிடமே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

மற்ற பிள்ளைகள் எதிரில் வேண்டாம். தனியாக, "ஏன் ஸ்லோ ஆயிட்டே?" என்று ஆரம்பிக்காமல், "இப்போ இங்க உனக்குப் பிடிச்சது எதும்மா? பிடிக்காதது எது?" என்று கேட்டுவிட்டு, சும்மா இருங்கள். பதில் வர நேரமாகும்.

பிறகு வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், முழு ஓய்வு. மேலே சொன்ன மாணவிக்கு மூன்று மாலைப் பயிற்சிகளை நிறுத்தி, காலைப் பயிற்சியில் ஒரு நாளைக் குறைத்தால் 15 மணி 9 ஆகிவிடும். வருடத்தில் இரண்டு மூன்று மாதம், பிரித்துப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து விடுமுறை தர வேண்டும். அந்த நாட்களில் பெசன்ட் நகர் கடற்கரையில் பந்து விளையாடட்டும். நேரம் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில், "எப்ப சார் திரும்ப வரலாம்?" என்று அவளே கேட்டால் அது வெறும் களைப்பு. பை மூலையிலேயே கிடந்தால், அவசரப்படுத்தாமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள். தூக்கமே வரவில்லை, யாரோடும் பேசுவதில்லை, "நான் இல்லாமலே போயிட்டா நல்லது" என்பது போன்ற பேச்சு வருகிறது என்றால் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

"ஓய்வு கொடுத்தா பின்தங்கிடுவாளே சார்?" என்று பெற்றோர் கேட்பது சகஜம். காப்ரியாட்டி இரண்டு வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட ஆடவே இல்லை. 1996-ல் திரும்பி வந்து, 2001-ல் ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டையும் வென்று, அதே வருடம் உலகின் முதல் இடத்தையும் பிடித்தார். எல்லோரும் அப்படித் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாத ஓய்வால் ஒரு குழந்தையின் திறமை போய்விடாது. விளையாட்டின் மேல் வெறுப்பு வந்துவிட்டால்தான், எத்தனை லேப் கூட்டினாலும் அதை மீட்க முடியாது.