அத்தைக்குக் கேட்ட கெட்டிமேளம்: திருமணத்தை நேரலையில் அனுப்பிய அனுபவம்

2024-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் அக்காவின் திருமணம் கிள்ளானில் உள்ள ஒரு மண்டபத்தில் நடைபெற்றது. அக்காவைச் சிறு வயதில் தூக்கி வளர்த்த பெரிய அத்தை இப்போது இலண்டனில் இருக்கிறார். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு சில வாரங்களே ஆகியிருந்ததால் அவரால் வர இயலவில்லை. முன்னர் நடந்த நிச்சயதார்த்தத்தை வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் அவருக்குக் காட்டியது நான்தான். மோதிரம் மாற்றும் நேரத்தில் பூக்காரரிடமிருந்து என் கைத்தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. படம் நின்றுவிட்டது. மீண்டும் இணைத்தபோது எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். "பரவால்ல தம்பி, கல்யாணத்தயாவது முழுசா காட்டு" என்றார் அத்தை. அது செயலியின் குற்றமன்று; வேறு அழைப்புகள் குறுக்கிடாதபடி தொலைபேசியை அமைத்து வைக்காத என் குற்றம். ஆயினும் அந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை.

முதலில் யாருக்கு எது தேவை என்று பட்டியலிட்டேன். சென்னை, தொரொன்தோ, மெல்பர்ன் உறவினர்கள் ஏறத்தாழ அறுபது பேர். அவர்கள் பார்த்தால் போதும். அத்தையும் இன்னும் நான்கு பெரியவர்களும் பார்ப்பதோடு பேசவும் வேண்டும். அட்சதை போடும் நேரத்தில் வாய்விட்டு வாழ்த்த வேண்டும். முகூர்த்தம் நமக்குக் காலை 9.30 மணி என்றால் இலண்டனில் அப்போது விடியற்காலை 2.30 மணி, தொரொன்தோவில் முதல் நாள் இரவு 9.30 மணி. ஆகவே தூங்கிப் போனவர்கள் பிறகு பார்க்கப் பதிவும் வேண்டும். இந்தப் பட்டியலை எழுதியதும் ஒரே கருவியால் எல்லாருக்கும் அனுப்ப முடியாது என்பது தெளிவாயிற்று.

வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் எளிது. பாட்டிமார்களுக்கும் பழக்கமானது; முனைக்கு முனை மறையாக்கம் உள்ளதால் அந்தரங்கமும் பாதுகாப்பானது. ஆனால் ஒரு குழு அழைப்பில் 32 பேர்தான் சேரலாம். அழைப்பு முடிந்தால் பின்னர் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

யூடியூப் இதற்கு நேர்மாறானது. நாம் ஒரே ஒரு படவோட்டத்தை அனுப்பினால் போதும். அதைப் பார்வையாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பது அவர்களின் வழங்கிகளின் வேலை. அறுபது பேர் பார்த்தாலும் ஆறாயிரம் பேர் பார்த்தாலும் நம் இணையத்திற்குச் சுமை ஒன்றே. தாமதமாக வருபவர் பின்னுக்குத் தள்ளி முதலிலிருந்து பார்க்கலாம். பதிவும் தானாகவே கிடைக்கும். இரண்டு செய்திகளை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். புதிய கணக்கில் நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கைத்தொலைபேசிச் செயலியிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும். மடிக்கணினி வழி செய்தால் அந்த நிபந்தனை இல்லை. திருமணத்தன்று காலையில் இதைக் கண்டுபிடித்து அலறியவர்களை நான் அறிவேன்.

பேச வேண்டிய ஐவருக்கு யூடியூப் உதவாது. அதில் படம் போய்ச் சேரச் சில நொடிகளிலிருந்து அரை நிமிடம் வரை ஆகும். அவர்களுக்கு ஜூம் வைத்தேன். இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒரு மாதத்திற்கு மட்டும் கட்டணம் செலுத்தினேன். ஜூமில் நம் விழாக்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பேச்சுக்குரலைத் தெளிவாக்குவதற்காக அது மற்ற ஒலிகளை இரைச்சல் என்று கருதி அமுக்கும். சோதனையின்போது நாதஸ்வரம் நீருக்கடியில் ஊதுவது போல விட்டுவிட்டுக் கேட்டது; தவில் ஏறக்குறைய காணாமலே போயிற்று. ஒலி அமைப்பில் Original sound for musicians என்பதைத் தேர்ந்தெடுத்து, கூட்டம் தொடங்கியபின் திரையின் மேற்புறத்திலும் அதை இயக்கிய பிறகே மேளம் மேளமாகக் கேட்டது.

இனி நிலைப்புத்தன்மை. எங்கள் மண்டபத்தில் அருகலை இருந்தது. வேகம் சோதித்தபோது பதிவிறக்கம் 40 எம்பிபிஎஸ் என்று காட்டியது. அதைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. நேரலைக்குத் தேவை பதிவேற்ற வேகம். அது 6 மட்டுமே. அதுவும் காலி மண்டபத்தில். மறுவாரம் வேறொரு திருமணம் நடந்துகொண்டிருந்தபோது போய் மறுபடி சோதித்தேன். அருகலையிலும் என் கைத்தொலைபேசி இணையத்திலும் 1-க்குக் கீழே இறங்கிவிட்டது. காரணம் எளிது: தாலி கட்டும் நேரத்தில் நானூறு பேர் ஒரே சமயத்தில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நேரலைக்கு மிக முக்கியமான நிமிடமும் இணையம் மிக நெரிசலாகும் நிமிடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

மண்டப அலுவலகத்தில் பேசி, அவர்களின் மோடத்திலிருந்து மேடைக்குப் பக்கவாட்டில் 30 மீட்டர் கம்பி ஒன்றை இழுத்தேன். அலுவலகத்திற்கெனத் தனி இணைப்பு இருந்ததால் பதிவேற்றம் 18 எம்பிபிஎஸ் வரை நிலையாகக் கிடைத்தது. ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் இலவச மென்பொருளில் படத்தை 720p என்றும், வேகத்தை 2500 Kbps என்றும் வைத்தேன். கிடைக்கும் பதிவேற்றத்தில் பாதிக்கு மேல் பயன்படுத்தாமலிருப்பது நல்லது. இந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 1.1 ஜிபி செலவாகும். ஓபிஎஸ் திரையின் அடியில் Dropped Frames என்ற எண் ஏறிக்கொண்டே போனால் இணையம் திணறுகிறது என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த எண் ஏறாமலே படம் வெட்டினால் கணினிதான் களைத்திருக்கிறது. ஜூமுக்கு இன்னொரு மடிக்கணினியை அதே கம்பியில் ஒரு சுவிட்ச் மூலம் சேர்த்தேன்.

அந்தரங்கத்தைப் பற்றி அப்பாவுக்குத்தான் கவலை அதிகம். அவர் அஞ்சியது நியாயமே: அழைப்பிதழில் வீட்டு முகவரியும் நேரமும் உள்ளன, வீடு எப்போது பூட்டியிருக்கும் என்பது ஊருக்கே தெரியும். யூடியூபில் Private என்றால் அழைக்கப்பட்ட மின்னஞ்சல் கணக்குகள் மட்டுமே பார்க்கலாம், ஆனால் எங்கள் சித்தப்பாக்களில் பாதிப் பேருக்குத் தம் மின்னஞ்சல் நினைவில் இல்லை. Unlisted என்றால் தேடலில் வராது. எனினும் முகவரி கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம். நாங்கள் Unlisted வைத்து, அழைப்பிதழோடு சேர்க்காமல் முதல் நாள் இரவு தனியாக அனுப்பினோம். மொய் எழுதும் மேசை படத்தில் விழாதபடி கேமராவைத் திருப்பி வைத்தோம். ஜூமில் காத்திருப்பு அறையை வைத்து, உள்ளே விட ஒரு சித்தி மகளை உட்கார வைத்தோம். ஐபேட் என்ற பெயரில் ஒருவர் காத்திருந்தார். யார் என்று விசாரித்தால் அது அத்தையேதான்.

பாடல்களும் கவனிக்க வேண்டியவை. விருந்தினர் வரும்போது ஒலிபெருக்கியில் திரைப்பாடல் ஒலித்தால், பதிப்புரிமைச் சோதனையில் சிக்கி யூடியூப் நேரலையையே நிறுத்தக்கூடும். அதனால் மணமகன் மேடைக்கு வந்தபின், மேளம் மட்டும் ஒலிக்கும் வேளையில் தொடங்கினோம்.

அன்று ஒரே ஒரு குழப்பம் நேர்ந்தது. தாலி ஏறியது, கெட்டிமேளம் ஓய்ந்தது, ஐயர் அடுத்த மந்திரத்தைத் தொடங்கியபோது மண்டப ஒலிபெருக்கியில் மறுபடியும் கெட்டிமேளம்! ஐயர் திரும்பிப் பார்த்தார். இலண்டனில் அத்தை மகன் தொலைக்காட்சியில் யூடியூபையும் போட்டிருந்தான். அந்த ஒலி அத்தையின் ஜூம் வழியாக எங்களிடம் திரும்பி வந்திருக்கிறது. எதிரொலி இருபது முப்பது நொடி கழித்து வந்தால் அது யூடியூப். உடனே வந்தால் ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஜூமில் இருக்கின்றன. சித்தி மகள் ஐவரின் ஒலியையும் அடைத்துவிட்டு, அட்சதையின்போது ஒவ்வொருவராகத் திறக்கச் செய்தாள். முதலில் அத்தை. "நல்லா இரு பாப்பா" என்றதற்குமேல் அவருக்கு வரவில்லை. அக்கா கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் காணொளியைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, யூடியூபில் இருந்ததை Private ஆக்கினேன். அத்தைக்கு மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு அனுப்பினோம். தொலைக்காட்சியில் செருகினால் போதும் என்று எழுதியும் வைத்தேன்.