ஊசியின் காது உருவகமா?

‘மலர்முகம்’ உவமை, ‘முகமலர்’ உருவகம். முன்னது மலர் போன்ற முகம் எனவும், பின்னது முகமாகிய மலர் எனவும் விரியும். பொன்னமராவதியில் எட்டாம் வகுப்புக்கு இதை நடத்தியபோது, “அப்படியானால் ஊசியின் காது எது, ஐயா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

தொடக்கத்தில் அது உருவகமே. நூல் நுழையும் துளையைக் காதாகக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். இன்றோ, காதில் நூல் கோர்ப்பவருக்கு மனிதக் காது நினைவுக்கு வருவதில்லை. அகராதியும் ‘காது’ என்பதற்கு ஊசித்துளை என்பதைத் தனிப்பொருளாகத் தருகிறது. இதைத் தேய்ந்த உருவகம் எனலாம். மேசையின் கால், தேங்காயின் கண் ஆகியனவும் அத்தகையனவே.

வகுப்பில் கண்டறிய இரண்டு கேள்விகள் போதும். கேட்டவுடன் ஒப்புமை மனத்தில் எழுகிறதா? அந்தச் சொல்லை நீக்கினால் பொருளுக்கு வேறு வழக்கமான பெயர் உண்டா? ‘முகமலர்’ என்பதில் மலரை நீக்கினாலும் முகம் நிற்கும். ஊசியின் காதில் காதை எடுத்துவிட்டால் அன்றாடப் பெயரே போய்விடும்.

ஆயினும் தேய்ந்தது முற்றும் அழிவதில்லை. காது உண்டு, கேட்காது என்று விடுகதை போட்டால் உருவகம் மீண்டும் விழித்துக்கொள்கிறது. ஆகவே, விடைத்தாளில் ‘ஊசியின் காது’ உருவகம் என்று ஒரு மாணவர் எழுதினால், உடனே தவறு எனக் குறிக்காமல் காரணம் கேட்கிறேன்.