மாற்றலாமா என்று கேட்டவருக்கு நீ எழுதிய பதில்

அன்புள்ள தம்பிக்கு,

இந்த மாத இதழில் உன் கேள்வி பதில் பகுதியைப் படித்தேன். படித்த கையோடு இதை எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் கோபம் ஆறிவிடும், சொல்ல வேண்டியது சொல்லாமல் போய்விடும்.

வாசகர் கேட்டது ஒரே வரி. "எல்லோரும் மாற்றுகிறார்கள், நாங்களும் மாற்றினால் கட்டுபடியாகுமா?" எதை மாற்றுவது, என்ன விலைக்கு, மாற்றாவிட்டால் வேறு என்ன செய்யப்போகிறார், ஒன்றும் அதில் இல்லை. போன மாதம் நீ பி.எல்.டி.சி. ஃபேன் பற்றி எழுதியிருந்ததால் அதைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டாய். அது சரியாகவே இருக்கலாம். அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விலை 3,000 ரூபாய், மிச்சமாகும் கரண்டுக்கு யூனிட்டுக்கு நாலு ரூபாய் என்று போட்டு, மூன்று வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும், நீண்ட காலத்தில் லாபமே என்று முடித்துவிட்டாய்.

யாருக்கு மூன்று வருஷம்? அந்த நாலு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு வீட்டு பில் தொகையை யூனிட்டால் வகுத்திருக்கிறாய். சராசரி. இந்தச் சராசரிக் கணக்கை எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். நம் ஊர் கட்டணத்தில் சராசரி விலைக்கு யாரும் கரண்டை மிச்சப்படுத்துவதில்லை. மிச்சமாவது எப்போதும் பில்லின் கடைசியில் நிற்கும் யூனிட். அது எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2024-ல் கொஞ்சம் ஏறியது, ஆனாலும் கணக்குப் போட இந்த எண்கள் வசதி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், பிறகு 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 படி காணாமல் போய், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். 500-க்கு மேல் 8, பிறகு 9, 10, கடைசியில் 11. இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அதை ஓரமாக வைத்துவிட்டு எழுதினாய் என்பதுதான் என் வருத்தம்.

பழைய ஃபேன் 75 வாட், புதியது 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம். இதை நாலு வீட்டில் மாட்டிப் பார்.

முதல் வீட்டில் 90 யூனிட் ஓடுகிறது. மாட்டிய பிறகு 50. பில் முன்பும் சைபர், இப்போதும் சைபர். அந்த வீட்டுக்கு 3,000 ரூபாய் ஒருநாளும் திரும்பாது. இரண்டாவது வீட்டில் 180 யூனிட். அது 140 ஆகிறது, 2.25 ரூபாய் வீதம் பில்லுக்கு 90 ரூபாய் மிச்சம். 3,000 ரூபாயை எடுக்க ஐந்தரை வருஷம் ஆகும். மூன்றாவது வீட்டில் 520. பில் 2,110 ரூபாய். 40 குறைந்து 480 ஆனதும் 500-க்குள் வந்துவிடுகிறது, பில் 1,605. ஒரே பில்லில் 505 ரூபாய் மிச்சம், ஒரு வருஷத்தில் முதல் திரும்பிவிடும். நாலாவது வீட்டில் 1,100. ஏசி ஓடுகிற வீடு. அங்கே 440 ரூபாய் மிச்சம்.

அதே ஃபேன், அதே விலை, அதே 40 யூனிட். உன் சராசரியை மூன்றாவது வீட்டுக்குப் போட்டால் மிச்சம் 160 ரூபாய் சொச்சம்தான் என்று வரும். முதல் வீட்டுக்காரரோ நீ சொன்னதை நம்பிக் கடைக்குப் போயிருப்பார். அவருக்குத்தான் 3,000 ரூபாய் பெரிய பணம் என்பதையும் யோசித்துப் பார்.

வாடகை வீடு என்றால் இந்தப் படியெல்லாம் அவருக்குக் கிடைக்காமலும் போகலாம். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்கினால் 40 யூனிட்டுக்கு நேராக 320 ரூபாய் மிச்சம். 90 யூனிட் ஓடினாலும் அப்படித்தான். ஆக, ஏழைக் குடித்தனத்துக்குக் கட்டுபடியாகாது என்றும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கேட்டால்தான் தெரியும். நீ கேட்கவில்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. மாற்றாவிட்டால் என்ன செய்வார் என்பதை நீ நினைத்தே பார்க்கவில்லை. ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுபோய்விட்டதா? ஓடுகிற ஃபேனைக் கழற்றுகிறவருக்குச் செலவு முழு 3,000, பழையதை இரும்புக்குப் போட்டால் வருகிற சில்லறையைக் கழித்துக்கொள்ளலாம். நின்றுபோன ஃபேன் என்றால் எப்படியும் ஒன்று வாங்கியாக வேண்டும். சாதாரண ஃபேன் 1,600 ரூபாய் என்றால் அவர் கூடுதலாகப் போடுவது 1,400 மட்டும். பாதிச் செலவு என்பதால் அவருக்கு இன்னும் லாபம் என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அதனால் இன்று கடையில் கிடைக்கிற ஒரு நட்சத்திர ஃபேனே 50 வாட் பக்கம்தான் இழுக்கிறது, 75 அல்ல. அந்த 520 யூனிட் வீட்டில் நின்றுபோன ஃபேனுக்குப் பதிலாக இந்தச் சாதாரண ஃபேனை மாட்டினாலே 22 யூனிட் குறைந்து 498 ஆகிவிடும். 500-ஐத் தாண்டாமல் நிறுத்துகிற வேலையை அதுவே செய்துவிட்டது. 505 ரூபாய் மிச்சத்தில் 397 ரூபாய் அதன் கணக்கு. பி.எல்.டி.சி. கூடுதலாகக் கொடுப்பது 18 யூனிட், 6 ரூபாய் வீதம் 108 ரூபாய். கூடுதலாகப் போட்ட 1,400 திரும்ப 13 பில் ஆகும், இரண்டு வருஷத்துக்கு மேல். செலவு பாதியாகியும் காத்திருப்பது இரண்டு மடங்காகிவிட்டது, பார்த்தாயா? எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த இரண்டு பதிலில் எது வேண்டுமானாலும் வரும்.

காயில் கட்டுவது என்று இன்னொரு வழியும் உண்டு. நின்றுபோன ஃபேனுக்கு அதுதான் கையைக் கடிக்காத செலவு. ஆனால் அதே 75 வாட், கட்டியவர் சுற்றுக் கணக்கில் பிசகினால் இன்னும் கூடும். மோட்டார் கொதிக்கிற சூட்டிலேயே அது தெரிந்துவிடும். இலவச 100-க்குள் இருக்கிற வீட்டுக்கு நான் காயில் கட்டத்தான் சொல்வேன். காயில்கூடப் போயிருக்க வேண்டாம், மெதுவாகச் சுற்றுகிற ஃபேனில் பாதிக்கு மேல் கெப்பாசிட்டர் கோளாறு. 2.5 மைக்ரோஃபாரட் ஒன்று மாற்றினால் பழையபடி ஓடும்.

நான் முதலில் வேலை பார்த்த எலக்ட்ரிகல் கடை முதலாளி, "போடலாமாண்ணே, பிரயோஜனப்படுமா?" என்று யார் வந்து நின்றாலும் பதில் சொல்ல மாட்டார். "ஈ.பி. கார்டை எடுத்துட்டு வாங்க" என்பார். அந்த வெள்ளை அட்டையில் ரீடிங் எடுப்பவர் எழுதிய எண்களை விரலால் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே போவார். சித்திரை, வைகாசிக்கு என்ன, மார்கழிக்கு என்ன என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நிறையப் பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். திரும்பிப் போனவர்கள் அடுத்த முறை வேறு கடைக்குப் போகவில்லை.

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அந்தக் கேள்வியோடுதான் ஊரே வந்தது. ஓர் அம்மா வந்து, "தம்பி, போட்டா புண்ணியமா இருக்குமா, சொல்லுப்பா" என்றார். எல்லோருக்கும் போல இன்வெர்ட்டர்தான் என்று நாங்கள் நினைத்தோம். முதலாளி மட்டும், "ராத்திரி கரண்ட் போனா யாருக்கும்மா கஷ்டம்?" என்று கேட்டார். பெண்ணுக்கு பிளஸ் டூ பரீட்சை, ராத்திரி படிக்க வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். ஃபேன் இல்லாவிட்டால் மொட்டை மாடியில் படுத்துக்கொள்வார்களாம். சார்ஜ் ஏற்றுகிற எமர்ஜென்சி லைட் ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்றிருந்தால் அந்த வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும். அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் இன்றுவரை எல்லா வாசகரிடமும் கேட்கிறேன். பில்லில் வராத தேவை அதில்தான் வெளியே வரும். ஏற்கெனவே இன்வெர்ட்டர் வைத்திருக்கிற வீட்டில், பில் எவ்வளவு என்றே பார்க்காமல் பி.எல்.டி.சி. வாங்கச் சொல்லலாம். அதே பேட்டரியில் ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடும்.

உன் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் நான் மூன்று தரம் படித்தேன். இரண்டு ஃபேனையும் வாட் மீட்டரில் மாட்டி ஒவ்வொரு வேகத்திலும் அளந்து எழுதியிருக்கிறாயே, அது. முழு வேகத்தில் 45 வாட் வித்தியாசம், மூன்றில் வைத்தால் 30 சொச்சமாகக் குறைகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறாய். இந்த விஷயத்தை எழுதுகிறவர்கள் பெட்டியில் அச்சடித்ததைப் பார்த்து எழுதுகிறார்கள். நீ ஏணி போட்டு ஏறியிருக்கிறாய். அபாரமான வேலை, தம்பி. அந்தப் பத்தியை எழுதியவன் அடுத்த பத்தியிலேயே 'நீண்ட காலத்தில் லாபம்' என்று எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பி.எல்.டி.சி.யின் சர்க்யூட் போர்டு வாரண்டி முடிந்த மறுமாதம் போனால் அந்த நீண்ட காலம் அங்கேயே முடிந்தது. தெருமுனை எலக்ட்ரீஷியனால் அதைச் சரிசெய்ய முடியாது. கம்பெனி சர்வீஸ் வராத ஊர் என்றால் முழு ஃபேனும் வீண். வாரண்டி எத்தனை வருஷமோ அதற்குள் முதல் திரும்பவில்லை என்றால் நான் கட்டுபடியாகும் என்று எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

அந்த வாசகருக்கு இன்றே ஒரு கார்டு போடு. ஈ.பி. அட்டையில் கடைசி ஆறு ரீடிங், சொந்த வீடா வாடகையா, எந்த அறை ஃபேன், நாளுக்கு எத்தனை மணி நேரம், இப்போது ஓடுகிறதா இல்லையா. இவ்வளவு கேள். அவர் கேட்டது ஃபேன்தானா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேள். வருகிற இதழில் அந்த எண்களை வைத்துப் பதிலைத் திருத்திப் போடு. ஆறு ரீடிங்கும் 100-க்குள் இருந்து வீடும் சொந்தமாக இருந்தால், ஓடுகிற ஃபேனைக் கழற்ற வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடு. மீதி இடத்தை ஆசிரியர் வேறு எதற்காவது வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்