பரமண்டல ஜெபமும் பரலோக மந்திரமும்

தாதர், மும்பை
ஞாயிறு மாலை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது.

போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். தூத்துக்குடிக்கு வாழப்போன முதல் வாரம், கத்தோலிக்கரான மாமியார் வீட்டில் சாயங்கால ஜெபம். எல்லாரும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, தீமையிலிருந்து காக்கும்படி கேட்கிற இடத்தில் ஆமென் போட்டு நிறுத்த, நீ மட்டும் பழக்க தோஷத்தில் ‘ராஜ்யமும் வல்லமையும்’ என்று தொடங்கிவிட்டாய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று அழுதாய். "சின்ன வயசிலிருந்து சொன்ன ஜெபமே இங்கே வேறயா இருக்கு பெரியம்மா, எது சரி?" என்று கேட்டாய். அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்று தெரிந்துகொள். நீ வாழப்போன கடற்கரை இந்த ஜெபத்துக்குப் பழைய ஊர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் அறிந்தவர்களை வைத்து இந்த ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழாக்கி, தானே மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். உன் மாமியார் ‘பரலோக மந்திரம்’ என்று சொல்வது அப்படி வேர்விட்ட வழக்கம். நாம் ‘பரமண்டல ஜெபம்’ என்கிறோம். மத்தேயு 6ஆம் அதிகாரத்திலும், அதைவிடச் சுருக்கமாக லூக்கா 11லும் இருக்கிற ஒரே ஜெபம்தான் இரண்டும்.

முதல் சொற்களைப் பார். பிதாவே என்று கூப்பிடுகிறோம். அதுவும் ‘எங்கள்’ பிதாவே. தொடக்கம் முதல் கடைசி வரை ‘நான்’, ‘எனக்கு’ என்று ஓர் இடத்திலும் வராது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சொன்னாலும் ‘எங்களுக்கு’ என்றுதான் கேட்க வேண்டும். அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் இப்போது உன் மாமியாரும் இருக்கிறார்.

நாமம் பரிசுத்தப்படுவதாக என்பதைப் பலர் புகழ்ச்சி என்று நினைக்கிறார்கள். அது விண்ணப்பம். எசேக்கியேல் 36ஐ எடுத்துப் படி. ஜனங்கள் நடந்துகொண்ட விதத்தால் தேவனுடைய பேர் மற்ற ஜாதிகள் நடுவே கெட்டுப்போயிற்று, அதைத் தாமே பரிசுத்தப்படுத்துவதாக அவர் சொல்கிறார். அதைச் செய்யும் என்றுதான் நாம் கேட்கிறோம். நம்மால் கெட்ட பேரைச் சரிசெய்யச் சொல்லும் விண்ணப்பம் அது. ராஜ்யம் வருவதும் அதே மாதிரிதான். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஓர் இடம் என்பதைவிட ஆளுகை என்பதே முதல் பொருள். செத்தபிறகு நாம் போகிற ஊர் இங்கே பேச்சில்லை. அவருடைய ஆட்சி இங்கே வரவேண்டும் என்பதே விண்ணப்பம்.

அடுத்தது சித்தம். இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1982 ஜனவரி 18இல் மும்பை மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது உனக்குக் கதையாகத் தெரியும். சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். உன் பெரியப்பாவும் அதில் ஒருவர். மாதங்கள் போய், திரும்ப வேலை இல்லை என்று ஆனபோது, வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் "ஆண்டவர் சித்தம்" என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள். நடந்ததையெல்லாம் அவர் தலையில் கட்டுவதற்கான வார்த்தை அல்ல அது. பரலோகத்தில் நடக்கிற அவருடைய சித்தம் பூமியில் இன்னும் நடக்கவில்லை என்று தெரிந்துதானே நடக்கட்டும் என்று கேட்கிறோம்? கெத்செமனேயில் இயேசு இதே வார்த்தைகளைச் சொன்னார், மத்தேயு 26இல் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மனசைத் திறந்து கேட்டார். கேட்கவேண்டியதைக் கேட்காமலே இந்த வரிக்குத் தாவாதே.

இனி ஆகாரம். இங்கேதான் இரண்டு தமிழும் முதலில் நன்றாகப் பிரிகின்றன. நாம் ‘வேண்டிய’ ஆகாரம் என்போம். உன் மாமியார் வீட்டில் ‘அனுதின’ உணவு என்பார்கள். இரண்டுக்கும் மூலத்தில் ஒரே சொல், ‘எபியூசியோஸ்’. வேதத்தில் இந்த ஜெபத்தைத் தவிர வேறெங்கும் அது வராது. சுவிசேஷகர்களே உண்டாக்கின சொல் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் எழுதினார். கிரேக்கம் தாய்மொழியாகக் கொண்டவருக்கே அப்படி! உயிர்வாழத் தேவையானது என்றும் கொள்ளலாம், அன்றன்றைக்கானது என்றும் கொள்ளலாம், வரப்போகிற நாளுக்கானது என்றும் கொள்ளலாம். எரோனிமுவே லத்தீனில் மத்தேயுவில் ஒரு விதமாகவும் லூக்காவில் வேறு விதமாகவும் பெயர்த்தார். ஆக, நம் தமிழ் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டது, அவர்கள் தமிழ் இன்னொன்றை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வேதபாடம் நடத்திய ஐயர்.

அவர் சொல்லுமுன் மாவுப் பானை எனக்குச் சொல்லியிருந்தது. மில் நின்றதும் நான் இட்லி போட்டு விற்கத் தொடங்கினேன். மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில் ராத்திரி ஆட்டி வைத்த மாவு விடியுமுன் பொங்கி மூடியைத் தள்ளும். ஒருநாள் ஆசைப்பட்டு இரண்டு நாளைக்கும் சேர்த்து ஆட்டினேன். வைக்க ஃபிரிட்ஜ் ஏது? மறுநாள் திறந்தால் புளித்த வாடை, இட்லி தட்டையாகக் கல்லாக விழுந்தது, அரிசியும் உளுந்தும் போனதுதான் மிச்சம். வனாந்தரத்தில் மன்னாவைக் காலைவரைக்கும் வைத்தவர்களுக்குப் புழு பிடித்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு உண்டானதைத்தான் ஆட்டினேன். ‘இன்று’ என்ற சொல் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

அந்த இட்லியை எல்லாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. பக்கத்துக் கட்டடங்களில் எல்லாம் மில் குடும்பங்கள். அதனால் ஒரு நோட்டுப் போட்டேன், ஆளுக்கு ஒரு பக்கம். ஜெபத்தின் அடுத்த வரியைப் படித்தது அந்த நோட்டில்தான்.

நாம் ‘கடன்’ என்கிறோம், உன் மாமியார் ‘பாவம்’ என்கிறார். மத்தேயுவின் கிரேக்கத்தில் இருப்பது கடன். லூக்கா நம்முடையதைப் பாவம் என்றும், மற்றவர் நமக்குப் பட்டிருப்பதைக் கடன் என்றும் எழுதுகிறார். இயேசு பேசிய அரமாயிக்கில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆக இங்கும் யாரும் தப்பில்லை. ஆனால் கடன் என்று சொல்லும்போது அதற்கு ஒரு தொகையும், எழுதி வைத்த ஒரு பக்கமும் உண்டு என்பது உறைக்கிறது. இன்னொன்று, மத்தேயுவின் பழைய பிரதிகளில் ‘நாங்கள் மன்னித்துவிட்டது போல’ என்று முடிந்த காலத்தில் இருக்கிறது. வாயைத் திறக்குமுன் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

நாம் மன்னித்தால் பதிலுக்கு அவர் மன்னிப்பார் என்று இதை வியாபாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்தேயு 18இல் ராஜா முதலில் விட்டுக்கொடுக்கிறார். அந்த வேலைக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பெருக்கிப்பார், 6 கோடி நாள் கூலி! அவனுக்கு இன்னொருவன் பட்டது 100 வெள்ளிப்பணம். அதையும் அற்பம் என்று சொல்லாதே, மூன்று மாதத்துக்கு மேலான சம்பளம். இழந்தவனுக்கு நிஜமாகவே வலிக்கிற தொகை அது. வலிக்காது என்று இயேசு சொல்லவில்லை. ஆறு லட்சம் மடங்கு விடப்பட்டவன் இதற்காக ஒருவன் தொண்டையைப் பிடிக்கிறானே என்றுதான் சொல்கிறார்.

என் நோட்டில் ஒரு வஹினியின் பக்கம் 212 ரூபாயில் நின்றது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு கொங்கண் பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் தினமும் பரமண்டல ஜெபம் சொன்னேன், மன்னித்துவிட்டேன் என்றே நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து தாதர் ஸ்டேஷன் பாலத்தில் எதிரே வந்தாள். கையில் பூ மார்க்கெட்டில் வாங்கிய சாமந்திப் பை. என்னைக் கண்டதும் முகம் செத்து, கூட்டத்தில் இடித்துக்கொண்டு மறுபக்கப் படிக்கு ஓடினாள். அந்த நிமிஷம் எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? 212. பேர்கூட அப்புறம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பெட்டிக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்தேன். மன்னித்தவள் ஏன் அதை வைத்திருந்தேன்? அந்தப் பக்கத்தின் மேல் குறுக்கே கோடு போட்டேன். அடுத்த முறை பார்த்தபோது நான்தான் பின்னால் ஓடி, "வஹினி, கணக்கு முடிஞ்சுது" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன்.

ஒன்று கவனி. கணக்கை முடித்தேன் என்பதால் திரும்பவும் கடன் கொடுத்தேன் என்று அர்த்தமில்லை, கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். மன்னிப்பது வேறு, அடுத்த அடியையும் வாங்கிக்கொள்வது வேறு. உன் மாமியார் வீட்டில் உன்னை யாராவது வேண்டுமென்று புண்படுத்தினால், மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டு இராதே. எனக்குச் சொல்.

சோதனை வரியில் உன் மாமியார் தமிழ்தான் எனக்குப் பிடிக்கும். நம்முடையதைக் கேட்டால் தேவனே நம்மைச் சோதனைக்குள் கொண்டுபோய் விடுவது போல இருக்கிறது. அவர் ஒருவரையும் பொல்லாங்குக்கு இழுப்பதில்லை என்று யாக்கோபு 1இல் எழுதியிருக்கிறது. அவர்கள் ‘விழவிடாதேயும்’ என்கிறார்கள். பிரெஞ்சுக் கத்தோலிக்கர் 2017இலும் இத்தாலியர் 2020இலும்தான் இந்த வரியைத் திருத்திக்கொண்டார்கள். ஆனாலும் நம் பழைய வாசகத்தைத் தள்ளிவிடாதே, கிரேக்கத்துக்கு அதுதான் நெருக்கம். என் பலம் இவ்வளவுதான், அந்த அளவுக்கு என்னைக் கொண்டுபோகாதேயும் என்று பலவீனத்தை ஒத்துக்கொள்வது அதில் இருக்கிறது. கடைசியில் வரும் ‘தீமை’யைக் கிரேக்கத்தில் ‘தீயவன்’ என்றும் படிக்கலாம்.

கடைசியாக நீ மாட்டிக்கொண்ட இடம். ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ மத்தேயுவின் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. ஆனால் திருச்சபையின் ஆதிக்காலத்து ‘திதாகே’ என்ற சிறு நூல், இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்லி, முடிவில் இதைப்போல ஒரு துதியை வைத்திருக்கிறது. 1 நாளாகமம் 29இல் தாவீது செய்த ஜெபத்தின் சாயல் அதில் உண்டு. ஜெபித்த சபையார் சேர்த்துக்கொண்ட துதி அது. கத்தோலிக்கரும் அதை விட்டுவிடவில்லை. பூசையில் இந்த ஜெபம் முடிந்ததும் சாமியார் தனியாக ஒரு சிறு ஜெபம் சொல்வார், அதற்குப் பதிலாகச் சபை முழுவதும் அந்தத் துதியைச் சொல்லும். வீட்டு ஜெபத்தில் அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நீயும் நிறுத்திக்கொள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்திரு. அங்கே உன் மாமியாருக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகவே சொல்லலாம்.

அடுத்த வாரம் நம் தெருக்காரர் ஒருவர் சாளுக்யா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கு வருகிறார். உன் பழைய வேதாகமத்தை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். மத்தேயு 18இல் ஒரு காகிதம் இருக்கும். அது என் நோட்டின் அந்தப் பக்கம், கோடு போட்டது.

இப்படிக்கு,
உன் பெரியம்மா