நெறியாளர் சந்திப்பும் பணிப்பட்டியலும்: ஒலிப்பதிவைச் சுருக்கும் முறை

பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி, ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியின் முன்னேற்றத்தை எடுத்துரைத்தல் வேண்டும். அக்கூட்டத்திற்கு முறையான பதிவு உண்டு. ஆனால் ஆய்வேட்டின் போக்கைப் பெரிதும் முடிவு செய்வது, இரு கூட்டங்களுக்கு இடையே நெறியாளரின் அறையில் நடைபெறும் உரையாடல்களே ஆகும். அவற்றிற்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதுவார் எவருமிலர். இக்குறையை நீக்க, நெறியாளரின் இசைவுடன் கைப்பேசியில் உரையாடலைப் பதிவு செய்துகொள்ளும் மாணவர்கள் உள்ளனர். எனினும் ஒலிப்பதிவு தானே ஒரு குறிப்பாகிவிடாது. ஒரு மணி நேரப் பேச்சை, வேலை செய்யும்போது மீண்டும் மீண்டும் கேட்பது இயலாது. அதனைக் கருத்துரைகளாகவும் பணிகளாகவும் பிரித்து, இரண்டு பக்கங்களுக்குள் சுருக்கிக் கொள்ளுதல் வேண்டும்.

இச்சுருக்கத்தில் நேரும் முதன்மையான பிழை, சொன்னதை விட்டுவிடுவதன்று. சொன்னவை அனைத்தையும் ஒரே நிறையில் எழுதிவிடுவதே ஆகும். நெறியாளர் உரக்கச் சிந்திக்கிறார். ஒன்றைக் கூறிப் பின்னர் அதனையே மாற்றுகிறார். சிலவற்றைக் கட்டாயமாகவும் சிலவற்றை விருப்பமாகவும் கூறுகிறார். இவ்வேறுபாடுகளைக் காப்பதே சுருக்குபவரின் வேலை. ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக இதனை விளக்கலாம்.

எடுத்துக்கொண்ட உரையாடல்

உத்தரப் பிரதேசத்தில் பொருளாதாரத் துறை மாணவி ஒருவர், கிராமப்புறப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பைப் பற்றி ஆய்வு செய்வதாகக் கொள்வோம். தேசிய மாதிரி ஆய்வின் 2011-12ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு விவரங்களும், 2017-18 முதல் நடைபெற்றுவரும் காலமுறைத் தொழிலாளர் அளவாய்வின் விவரங்களும் அவருக்கு ஆதாரம். மூன்றாம் இயலின் வரைவைக் குறித்து, செப்டம்பர் 8ஆம் நாள் நெறியாளருடன் 52 நிமிட உரையாடல் நடைபெறுகிறது. இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. ஆலோசனைக் குழு அக்டோபர் 6ஆம் நாள் கூடவிருக்கிறது.

முதல் கேட்பு: நிமிடக் குறிப்பு

அன்றே, நினைவு மங்குமுன், பதிவை இடையில் நிறுத்தாமல் ஒரு முறை கேட்க வேண்டும். அப்போது முழு வாக்கியங்களை எழுத வேண்டியதில்லை. நிமிட எண்ணும், பேசியவர் யார் என்பதும், நான்கைந்து சொற்களும் போதும். மாணவியின் குறிப்பு இவ்வாறு அமைகிறது: 6ஆம் நிமிடம், 2011-12, 2017-18, 2023-24 ஆகிய மூன்று ஆண்டுகளையும் ஒரே கோட்டு வரைபடத்தில் காட்டுக. 14ஆம் நிமிடம், நேரப் பயன்பாட்டு அளவாய்வு. 22ஆம் நிமிடம், ‘வேலைவாய்ப்பு உயர்ந்தது’ என்னும் தொடர் பிழை. 31ஆம் நிமிடம், மாதிரி அமைப்பு வேறு. 38ஆம் நிமிடம், ஊதியமில்லா உதவியாளர். 44ஆம் நிமிடம், மாணவியின் வினா: 2025ஆம் ஆண்டைச் சேர்க்கலாமா? 47ஆம் நிமிடம், காலவரம்பு.

இரண்டாம் முறை, குறித்த இடங்களை மட்டும், ஒவ்வொன்றிற்கும் முன்னும் பின்னும் இரண்டு நிமிடம் சேர்த்துக் கேட்டால் போதும். ஒரு கூற்றின் நிறை பெரும்பாலும் அதற்கு முந்திய வாக்கியத்திலேயே அடங்கியிருக்கும்.

பின்னது முன்னதை நீக்கும்

6ஆம் நிமிடக் கூற்றும் 31ஆம் நிமிடக் கூற்றும் ஒன்றோடொன்று முரணானவை. முதலில் மூன்று ஆண்டுகளையும் ஒரே கோட்டில் இணைக்குமாறு நெறியாளர் கூறினார். பின்னர் வரைவின் பிற்சேர்க்கையைப் புரட்டியபோது, இரு அளவாய்வுகளும் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் வேறுபடுவதைச் சுட்டினார். பழைய அளவாய்வில் கிராமக் குடும்பங்கள், வசதியையும் வேளாண்மை சாரா வருவாயையும் கொண்டு அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டன. 2017-18இல் தொடங்கிய அளவாய்விலோ, குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பு அல்லது அதற்கு மேல் பயின்றோரின் எண்ணிக்கை அடிப்படையாயிற்று. ஆதலால் இரண்டையும் ஒரே கோட்டால் இணைப்பின், அளவீட்டு முறையில் ஏற்பட்ட மாற்றமும் பெண்களின் உழைப்பில் ஏற்பட்ட மாற்றமாகத் தோற்றமளிக்கக்கூடும்.

விரைந்து சுருக்குபவர் இவ்விரண்டையும் இரு தனிப் பணிகளாக எழுதிவிடுவார்: ‘கோட்டு வரைபடம் வரைக’, ‘மாதிரி வேறுபாட்டைக் குறிப்பிடுக’. அவ்வாறு செய்தால் இணைத்த கோடும் அதன் கீழ் ஓர் அடிக்குறிப்புமாக இயல் உருப்பெறும். நெறியாளர் உண்மையில் முடிவு செய்ததோ, 2011-12க்கும் 2017-18க்கும் இடையே கோட்டை முறித்துக் காட்ட வேண்டும் என்பதே. எனவே முந்திய கூற்றை நீக்கி, பிந்தியதை மட்டும் முடிவாக எழுதி, ‘6ஆம் நிமிடக் கருத்து 31ஆம் நிமிடத்தில் மாற்றப்பட்டது’ என்று பக்கத்தில் குறித்துவைப்பது தக்கது. ஒரே பொருளைப் பற்றிய கூற்றுகள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்த்து வரிசைப்படுத்திய பின்னரே பணியை எழுத வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கட்டாயமும் விருப்பமும்

14ஆம் நிமிடத்தில் நெறியாளர், 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு அளவாய்வைக் குறிப்பிட்டு, ‘தேக் லீஜியே’ என்றார். இந்தியில் இத்தொடர் ‘கட்டாயம் பார்த்துவிடுங்கள்’ என்றும் பொருள்படும்; ‘வேண்டுமானால் பாருங்கள்’ என்றும் பொருள்படும். குரலிலிருந்து மட்டும் இதனை முடிவு செய்ய இயலாதபோது, அடுத்து நிகழ்ந்ததை நோக்க வேண்டும். நெறியாளர் அதனைக் காலவரம்புடனோ குறிப்பிட்ட பக்கத்துடனோ இணைக்கவில்லை. மீண்டும் அதனைப் பற்றிப் பேசவுமில்லை. ஆகவே இது ‘விருப்பம்’ என்னும் தலைப்பில் சேரும்.

22ஆம் நிமிடக் கூற்று அத்தகையதன்று. கிராமப்புறத்தில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் உழைப்புப் பங்கேற்பு வீதம், வழக்கமான நிலையின்படி, 2017-18இல் 24.6 விழுக்காட்டிலிருந்து 2023-24இல் 47.6 விழுக்காடாக உயர்ந்தது. இதனை மாணவி ‘வேலைவாய்ப்பு உயர்வு’ என்று எழுதியிருந்தார். பங்கேற்பு வீதத்தில் வேலை தேடுவோரும் அடங்குவர். வேலையில் இருப்போரை மட்டும் காட்டுவது தொழிலாளர் - மக்கள்தொகை விகிதம். 2023-24இல் அது 46.5 விழுக்காடு. வேறுபாடு சிறிதே ஆயினும் கருத்து வேறு. இத்தொடர் வரும் இடமெல்லாம் திருத்தப்பட வேண்டும் என்று நெறியாளர் இரு முறை கூறினார். இது கட்டாயம்.

எண்களைச் செவியை நம்பி எழுதுதல் கூடாது. இந்தியில் 37க்கும் 47க்கும் உரிய சொற்கள், ‘சைந்தீஸ்’, ‘சைந்தாலீஸ்’ என, ஒலியில் நெருங்கியவை. பதிவில் கேட்ட ஒவ்வோர் எண்ணையும் வெளியிடப்பட்ட அறிக்கையோடு ஒப்பிட்ட பின்னரே சுருக்கத்தில் சேர்க்க வேண்டும்.

கருத்துரையைப் பணியாக்குதல்

38ஆம் நிமிடத்தில் நெறியாளர், ‘இந்த உயர்வில் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர் எவ்வளவு என்பது உங்கள் இயலில் தெரியவில்லை’ என்றார். இது கருத்துரை. இதனை அப்படியே பணிப்பட்டியலில் எழுதினால், எப்போது முடிந்தது என்று கூற இயலாது. முடிந்ததை அறியக்கூடிய வடிவில் எழுதுவதே பணி: ‘சுயதொழில் புரியும் பெண்களைச் சொந்தக் கணக்கில் தொழில் நடத்துவோர், ஊதியமில்லா உதவியாளர் எனப் பிரித்து, 2017-18க்கும் 2023-24க்கும் ஓர் அட்டவணை தயாரித்தல்.’ கருத்துரையையும் அதன் அருகிலேயே வைத்திருத்தல் வேண்டும். காரணம் மறைந்துவிட்டால், அட்டவணை தயாராகும். ஆனால் அது எந்த வினாவிற்கு விடை என்பது இயலில் எழுதப்படாது போகும்.

காலவரம்பையும் நாட்காட்டித் தேதியாக மாற்ற வேண்டும். ‘குழு கூடுவதற்கு இரண்டு வாரம் முன்’ என்று நெறியாளர் கூறியது, செப்டம்பர் 22 ஆகும்.

44ஆம் நிமிட வினாவிற்கு விடை கிடைக்கவில்லை; தொலைபேசி ஒலித்து, பேச்சு வேறு திசையில் சென்றது. 2025 சனவரி முதல் அளவாய்வின் மாதிரி அமைப்பு மீண்டும் மாற்றப்பட்டிருப்பதால் இவ்வினா முக்கியமானதே. மௌனத்தை இசைவாகக் கொள்ளாமல், ‘முடிவு பெறாதது’ என்று எழுதவேண்டும். 47ஆம் நிமிடத்திற்குப் பின்னர் மற்றொரு மாணவரின் பணியைப் பற்றி நெறியாளர் கூறியவை சுருக்கத்தில் இடம்பெறலாகாது.

சுருக்கத்தின் இறுதி வடிவம்

முடிவுகள்: 2011-12க்கும் 2017-18க்கும் இடையே கோடு முறித்துக் காட்டப்படும் (31ஆம் நிமிடம்).

மாணவியின் பணிகள், அனைத்தும் செப்டம்பர் 22க்குள்:
1. வரைபடத்தைத் திருத்தி, அடுக்கு முறை வேறுபாட்டை ஒரு பத்தியில் விளக்குதல் (31).
2. ‘வேலைவாய்ப்பு’ என்னும் சொல் வரும் இடங்களைச் சரிபார்த்து, உரிய விகிதத்தைக் குறிப்பிடுதல் (22).
3. ஊதியமில்லா உதவியாளர் அட்டவணை. உயர்வில் அவர்களின் பங்கு எவ்வளவு என்னும் வினாவிற்கு விடையாக (38).

நெறியாளர் ஏற்றுக்கொண்டது: களப்பணிக்கான அறிமுகக் கடிதம் (48).

விருப்பம்: நேரப் பயன்பாட்டு அளவாய்வு (14).

முடிவு பெறாதது: 2025ஆம் ஆண்டு விவரங்களைச் சேர்ப்பது (44).

இச்சுருக்கம் இரண்டு நாட்களுக்குள் நெறியாளருக்கு அனுப்பப்பட வேண்டும். முழுவதையும் சரிபார்க்குமாறு கேட்டால் விடை தாமதமாகும். ‘14ஆம் நிமிடக் கருத்து விருப்பமா, கட்டாயமா? 2025 வேண்டுமா?’ என்னும் இரண்டு வினாக்களை மட்டும் மேலே எழுதினால், இரண்டு வரிகளில் விடை வரும். அவ்விடையே சுருக்கத்தை இருவருக்கும் பொதுவான ஆவணமாக்குகிறது. அதுவரை அது மாணவியின் புரிதல் மட்டுமே. உறுதி பெற்ற பின்னர் ஒலிப்பதிவைக் குழுக் கூட்டம் முடியும்வரை வைத்திருந்து, முன்னர் ஒப்புக்கொண்டபடி அழித்துவிடலாம்.

அக்டோபர் 6ஆம் நாள் குழுவின் முன் வைக்கப்படும் வரைபடத்தில் கோடு முறிந்திருக்குமா, இணைந்திருக்குமா என்பது 31ஆம் நிமிடம் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. இணைந்த கோட்டைக் காணும் உறுப்பினர், கிராமப்புறப் பெண்கள் உழைப்பிலிருந்து பெருமளவில் விலகிப் பின்னர் திரும்பினர் என்று முடிவு செய்யக்கூடும். அம்முடிவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மாதிரி மாற்றத்தின் விளைவு என்பதை அந்த ஒற்றைக் கோடு கூறாது.