பைக் நல்லா ஓடுது, சரி... ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போறீங்கன்னா, நான் செஞ்ச தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

செகண்ட் இயர் முடியும்போது கீரனூர் பக்கம் ஒருத்தர்கிட்ட 100 சிசி பைக் ஒண்ணு வாங்கினேன். 34,000 ரூபாய். மெக்கானிக் தெரிஞ்ச ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போனேன். இன்ஜின் சத்தம் கேட்டோம், ஒரு ரவுண்ட் ஓட்டினோம், பிரேக் பிடிச்சுப் பார்த்தோம். எல்லாம் நல்லா இருந்துச்சு. அன்னைக்கே முழுப் பணத்தையும் கையில குடுத்துட்டேன். ஆர்.சி. ஜெராக்ஸையும் கையெழுத்து போட்ட ரெண்டு ஃபார்மையும் மடிச்சுக் குடுத்தார். வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பார்த்தா, ஆர்.சி.ல இருந்த பேர் அவரோட பேரே இல்ல. அவர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட வாங்கி, பேர் மாத்தாமலே ஓட்டியிருக்கார். அதுக்கும் மேல, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியோட அடமானமும் ஆர்.சி.ல அப்படியே பதிவாகி இருந்துச்சு.

வண்டியில ஒரு குறையும் இல்ல. ஆனா சட்டப்படி அது என் வண்டி இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 1988 யாரை உரிமையாளர்னு சொல்லுதுன்னா, பதிவுல யார் பேர் இருக்கோ அவரைத்தான். நீங்க பணம் குடுத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அதனால நீங்க முதல்ல பார்க்க வேண்டியது பேப்பரை. இன்ஜினை அப்புறம் பார்த்துக்கலாம்.

போறதுக்கு முந்தின நாளே வண்டி நம்பரைக் கேட்டு வாங்கிடுங்க. mParivahan ஆப்ல அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. எந்த ஆர்.டி.ஓ.ல பதிவானது, எப்போ பதிவானது, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எப்போ வரைக்கும்னு வரும். உரிமையாளர் பேர்ல சில எழுத்து மறைஞ்சிருக்கும். ஆனாலும் விக்கிறவர் பேரோட ஒத்துப்போகுதான்னு ஓரளவு தெரிஞ்சிடும். பைக்குக்கு ஆர்.சி. பதிவான நாள்ல இருந்து 15 வருஷம் செல்லும். அது முடியப் போற வண்டின்னா, ஆய்வுக்குக் காட்டி மறுபடி புதுப்பிக்கணும். அந்தச் செலவையும் விலையில கழிச்சுப் பேசுங்க. நம்ம புதுக்கோட்டை வண்டின்னா நம்பர் டி.என். 55-னு ஆரம்பிக்கும். விலை குறைவுன்னு யாராவது பி.ஒய்.-னு ஆரம்பிக்கிற பாண்டிச்சேரி வண்டியைக் காட்டினா கொஞ்சம் நில்லுங்க. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கணும், இங்க தமிழ்நாட்டு வரியும் கட்டணும். அதுக்கப்புறம் அந்த விலை குறைவா இருக்காது.

நேர்ல போனதும் ஒரிஜினல் ஆர்.சி.யைக் கேளுங்க, ஜெராக்ஸ் வேண்டாம். கூடவே விக்கிறவரோட ஆதார். ரெண்டுலயும் ஒரே பேர் இருக்கணும். "என் மச்சான் வண்டிதான் தம்பி"ன்னு சொன்னா, "அப்போ மச்சானையே வரச் சொல்லுங்கண்ணே"ன்னு சொல்லுங்க. இப்போ பேர் மாத்த ஆன்லைன்ல விண்ணப்பிக்கும்போது, பழைய உரிமையாளர் பேர்ல பதிவான மொபைலுக்கு ஓ.டி.பி. போகும். அவர் எங்கேயோ இருக்கார்னா, கையெழுத்து போட்ட ஃபார்ம் மட்டும் வச்சு நீங்க நகர முடியாது. நான் மாட்டினது இங்கதான். முதல் உரிமையாளர் கோயம்புத்தூர்ல வேலை பார்த்தார், பழைய நம்பரையும் மாத்திட்டார்.

அடுத்து ஆர்.சி.ல ஹைப்பாதிகேஷன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர்ல ஹெச்.பி.ன்னு சொல்வாங்க. லோன்ல வாங்கின வண்டிக்கு ஃபைனான்ஸ் பேர் அங்க ஏறியிருக்கும். கடைசி டியூ கட்டினாலும் அது தானா போயிடாது. ஃபைனான்ஸ்ல என்.ஓ.சி. வாங்கி, உரிமையாளரும் அவங்களும் கையெழுத்து போட்ட ஃபார்ம் 35-ஐ ஆர்.டி.ஓ.ல குடுத்து ரத்து பண்ணணும். "டியூ எல்லாம் முடிஞ்சுது"ங்கிற பேச்சை நம்பாதீங்க. ரத்து ஆன ஆர்.சி.யைக் காட்டச் சொல்லுங்க. லோன் பாக்கி இருந்தா, வண்டியைத் தூக்க ஃபைனான்ஸ்காரங்க உங்க வீட்டு வாசலுக்கே வரலாம்.

மூணாவது, சேஸிஸ் நம்பர். பெரும்பாலும் ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்துல ஃபிரேம்லயே அடிச்சிருக்கும். இன்ஜின் நம்பர் இன்ஜின் கேஸ்ல கீழ் பக்கம் இருக்கும். ஒரு துணியை எடுத்து அழுக்கைத் துடைங்க. ஆர்.சி.யை வச்சு எழுத்து எழுத்தாப் படிங்க. ராவின அடையாளம், சுத்தி மட்டும் புது பெயின்ட், மேலேயும் கீழேயுமா ஏறி இறங்கின எழுத்து இருந்தா விலை பேசாம கிளம்பிடுங்க. அது திருட்டு வண்டியா இருக்கலாம். துருப்பிடிச்சு நம்பர் தெரியலைன்னா, தெரியற வரைக்கும் வாங்க வேண்டாம்.

இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் இன்ஜினுக்கு வாங்க. "வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே"ன்னு போன்லயே சொல்லிடுங்க. போனதும் புறங்கையை இன்ஜின் பக்கத்துல மெதுவாக் கொண்டுபோய்ப் பாருங்க. சூடா இருந்தா முன்கூட்டியே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்படுற இன்ஜின் சூட்டுல அந்தக் குறையை மறைச்சிடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி சைலன்ஸரைப் பாருங்க. காலையில லேசா வெள்ளையா வந்து நின்னுட்டா அது வெறும் ஈரம். நீலப் புகை தொடர்ந்து வந்தா ஆயில் எரியுது. பிஸ்டன் ரிங் இல்லன்னா வால்வு சீல் தேய்ஞ்சிருக்கும், இன்ஜினைப் பிரிக்கிற செலவு வரும். அப்புறம் காலி ரோட்டுல மெதுவா நேரா ஓட்டிப் பாருங்க. வண்டி ஒரு பக்கமா இழுத்தா, ஃபோர்க்கோ ஃபிரேமோ விழுந்து வளைஞ்சிருக்கலாம்.

கடைசியா பணம். முழுசா ஒரே தடவையில குடுக்காதீங்க. சின்னத் தொகை அட்வான்ஸ், அதுக்கு எழுத்துல ரசீது. மீதியை ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் பழைய உரிமையாளர் கையெழுத்து போட்டு, parivahan.gov.in-ல பேர் மாற்ற விண்ணப்பம் ஏறி, ஓ.டி.பி.யையும் அவர் சொன்னதுக்கு அப்புறம் பேங்க் வழியா அனுப்புங்க. அப்போதான் பணம் போனதுக்கு ஆதாரம் இருக்கும். வண்டியை எடுக்கிற தேதியையும் நேரத்தையும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க.

"எதுக்கு தம்பி இவ்வளவு அவசரம்"னு விக்கிறவர் இழுத்தா, அவருக்கும் இது நல்லதுன்னு சொல்லுங்க. வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.க்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும்னு சட்டம் சொல்லுது. பல கை மாறிப் போன ஒரு வண்டி விபத்துக்குள்ளான வழக்குல, பதிவுல பேர் இருந்த முதல் உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கு. இதைச் சொன்னா பாதிப் பேர் அவங்களே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கிளம்பிடுவாங்க. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுத்துடுங்க.

என் வண்டி என் பேருக்கு மாற நாலு மாசம் ஆச்சு. ஒரு கோயம்புத்தூர் பயணம், ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு மூணு தடவை. அதுவரைக்கும் அது வீட்டுத் திண்ணை ஓரமா நின்னுச்சு, நான் பஸ்லயே காலேஜ் வந்தேன்.