படத்தின் கீழே ஒரு வரி

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஒரு படம் போட வேண்டியிருந்தது. நூலகப் பாடவேளையில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் வேப்பமரத்தடியில் அமர்ந்து படிக்கும் காட்சி. அதன் கீழே ஒரு திரைப்பாடலின் பல்லவி வரியை எழுதித் தலைமையாசிரியரிடம் காட்டினேன்.

"இந்த வரியை நாம போடலாமா டீச்சர்?" என்றார்.

"ஒரே வரிதானே சார். பாடலாசிரியர் பெயரையும் போட்டிருக்கிறேன்" என்றேன்.

அன்று மாலை பதிப்புரிமைச் சட்டம், 1957-ஐ எடுத்துப் படித்தேன். என் இரண்டு காரணங்களும் நிற்கவில்லை. இத்தனை சொற்கள் வரை எடுக்கலாம் என்று சட்டம் எங்கும் அளவு சொல்லவில்லை. படைப்பின் முக்கியமான பகுதியை எடுத்தோமா என்பதே கேள்வி. பல்லவிதான் பாடலின் உயிர். படத்தின் புகழ்பெற்ற வசனமும் அப்படியே. எனவே வரி சிறியது என்பது பாதுகாப்பாகாது. பெயர் போடுவது நாகரிகம். ஆனால் அது அனுமதி ஆகாது.

அப்படியானால் வகுப்பில் திரைப்பாடலைப் பயன்படுத்தவே கூடாதா? கூடும். பிரிவு 52, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பை எடுத்தாள இடம் தருகிறது. பெற்றோர், மாணவர், ஆசிரியர் மட்டும் கூடும் பள்ளி விழாவில் பாடவும் நடிக்கவும் இடம் உண்டு. ஆனால் சேர்க்கைப் பதாகையும் முகநூல் பக்கமும் பொதுமக்களுக்கானவை. அவற்றை இந்த விலக்கு காக்கும் என்று நம்பியிருக்க முடியாது. உரிமையாளர் முறையிட்டால் பதிவு நீக்கப்படலாம். பள்ளிக்கு அறிவிப்பும் வரலாம்.

படைப்பாளர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1921-இல் மறைந்த பாரதியாரின் வரிகளையும், குறளையும், பழமொழியையும் தயங்காமல் எழுதலாம். ஆனால் பாரதியார் பாடலின் திரைப்பட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். வரியை எழுதலாம் என்பதற்காக அந்த ஒலியைச் சேர்க்கக் கூடாது.

மறுநாள் எட்டாம் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டினேன். படத்தில் தெரியும் பொருள்களை மாணவர்கள் பட்டியலிட்டார்கள்: மரம், நிழல், நூல். இவற்றில் இரு பொருள் தரும் சொல் எது என்று கேட்டேன். "நூல்" என்றார்கள். புத்தகம், இழை. நூலோடு சேரும் இன்னொரு இரு பொருள் சொல்லைத் தேடியபோது ஒரு மாணவி "பட்டம்" என்றாள். காற்றாடி, கல்லூரிப் பட்டம். கிடைத்த வரி இது:

நூல் கையில், பட்டம் வானில்.

இரு பொருளிலும் வாக்கியம் நிற்கிறதா என்று சோதித்தோம். காற்றாடிக்குப் பொருந்தியது, படிப்புக்கும் பொருந்தியது. வேறு யாராவது முன்பே எழுதியிருக்கிறார்களா என்று இணையத்திலும் தேடிப் பார்த்தோம். பிறகுதான் பதிவிட்டோம்.

ஓர் எச்சரிக்கை. புகழ்பெற்ற திரைவரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது சொல்விளையாட்டு ஆகாது. மீதி வரி இன்னொருவருடையதாகவே இருக்கிறது. படத்திலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. பள்ளிப் படிக்கட்டில் அமர்ந்து படிப்பவர்களின் படத்துக்கு அடுத்த வாரம் அதே மாணவர்கள் எழுதியது:

படியில் அமர்ந்தோம், படி ஏற.